ஒப்பந்தம் ஒன்று, எல்.சி. வேறொன்று: விற்பவருக்கு எழுத வேண்டிய திருத்தக் கடிதம்

வெளிநாட்டிலிருந்து சரக்கு வரவழைக்கும் வாடிக்கையாளர்கள் பலர், லெட்டர் ஆஃப் கிரெடிட் எனப்படும் எல்.சி. திறக்கப்பட்ட அன்றே தம் பணி முடிந்துவிட்டதாகக் கருதுகின்றனர். வங்கி அனுப்பும் நகலைக் கோப்பில் சேர்த்துவிட்டுக் கப்பலுக்காகக் காத்திருப்பர். அந்த நகலையும் விற்பவரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தையும் அருகருகே வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பவர் மிகச் சிலரே. அவ்வாறு ஒப்பிட்டுப் பார்த்த ஒருவரின் அனுபவத்தை இங்கே விவரிக்கிறோம். அவருடைய அடையாளம் வெளிப்படாதிருக்கும் பொருட்டுத் தொகைகளையும் தேதிகளையும் சற்றே மாற்றியிருக்கிறோம். நடந்த முறையில் மாற்றமில்லை.

வாடிக்கையாளர் கர்நாடகக் கடலோரத்தில் முந்திரி ஆலை நடத்துபவர். மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டிலிருந்து 100 டன் முந்திரிக்கொட்டையை, டன் ஒன்றுக்கு 1,150 டாலர் விலையில், மங்களூரு துறைமுகம் வரை கப்பல் கட்டணம் சேர்த்து வாங்குவதாக அபிஜான் நகர ஏற்றுமதியாளரோடு ஒப்பந்தம் செய்திருந்தார். மொத்தம் 1,15,000 டாலர். மார்ச் 12 அன்று எமது கிளை எல்.சி.யை அனுப்பியது. இரண்டு நாள் கழித்து அவர் நகலும் ஒப்பந்தமுமாக எம் முன் வந்து அமர்ந்தார். நகலில் நான்கு இடங்களில் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்.

"ஒப்பந்த நகலையும் விண்ணப்பத்தோடு கொடுத்திருந்தோமே சார், வங்கியில் பார்த்திருப்பீர்கள் என்றல்லவா நினைத்தேன்" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் எல்.சி.யின் வாசகம் விண்ணப்பத்திலிருந்து வருகிறதேயன்றி ஒப்பந்தத்திலிருந்து வருவதில்லை. அவருடைய கணக்கர், சென்ற ஆண்டு வேறொரு விற்பனையாளருக்குத் திறந்த எல்.சி.யின் விண்ணப்பத்தைப் பார்த்து எழுதி, பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றியிருந்தார். பிழைகள் அத்தனையும் அந்தப் பழைய தாளிலிருந்து வந்தவை.

எல்.சி.க்கான பன்னாட்டு விதித்தொகுப்பு யு.சி.பி. 600 என்பது. பாரிசில் உள்ள பன்னாட்டு வணிகக் கழகம் வெளியிட்ட இத்தொகுப்பு 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. எல்.சி.யும் அதற்கு அடிப்படையான விற்பனை ஒப்பந்தமும் தனித்தனியானவை என்று அதன் 4-ஆவது பிரிவு கூறுகிறது. வங்கிகள் ஆவணங்களைக் கையாள்கின்றனவே அன்றிச் சரக்கை அல்ல என்கிறது 5-ஆவது பிரிவு. ஆகவே ஒப்பந்தத்தில் எவ்வளவு நல்ல பாதுகாப்பு எழுதப்பட்டிருந்தாலும், அது எல்.சி.யில் ஓர் ஆவணமாக இடம்பெறாவிட்டால், பணம் கொடுக்கும் வேளையில் அதனால் பயனில்லை.

அவர் வட்டமிட்டிருந்த நான்கில் மூன்று எளியவை. முதலாவது, ஒப்பந்தம் சி.எஃப்.ஆர்.; அதாவது காப்பீடு வாங்குபவர் பொறுப்பு. எல்.சி.யில் சி.ஐ.எஃப். என்றிருந்தது, அதாவது காப்பீடு விற்பவர் பொறுப்பு. ஆனால் கேட்கப்பட்ட ஆவணங்களின் பட்டியலில் காப்பீட்டுப் பத்திரம் இல்லை. இப்படியே விட்டால், ஒருவர் மற்றவரை நம்பிச் சரக்கு காப்பீடே இல்லாமல் கடலில் வரக்கூடும். இரண்டாவது, ஒப்பந்தத்தில் அளவு 5 விழுக்காடு கூடவோ குறையவோ செய்யலாம் என்றிருக்க, எல்.சி. அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாவது, சரக்கேற்றக் கடைசி நாள் ஒப்பந்தத்தில் மே 15, எல்.சி.யில் ஏப்ரல் 30.

இரண்டாவதைப் பற்றி ஒரு சொல். எடையில் சொல்லப்பட்ட அளவுக்கு 5 விழுக்காடு ஏற்றத்தாழ்வை யு.சி.பி. 30-ஆவது பிரிவு தானாகவே அனுமதிக்கிறது. ஆனால் கோரும் பணம் எல்.சி. தொகையைத் தாண்டக்கூடாது என்பது அதே பிரிவின் நிபந்தனை. ஆகவே விற்பவர் 103 டன் ஏற்றினாலும் 100 டன்னுக்கான தொகையே எல்.சி.யின்கீழ் கிடைக்கும், 3,450 டாலருக்கு அவர் தனியே கேட்டு நிற்க வேண்டும். இந்தப் பிழையால் பாதிக்கப்படுபவர் விற்பவர். மூன்றாவதும் அப்படியே. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னர் பயன்படும்.

நான்காவதே உயிர்நிலை. முந்திரிக்கொட்டை வணிகத்தில் தரத்தை 'அவுட்டர்ன்' என்ற அளவால் குறிப்பார்கள். 80 கிலோ மூட்டை ஒன்றிலிருந்து எத்தனை பவுண்டு நல்ல பருப்பு கிடைக்கும் என்பதே அது. ஒப்பந்தப்படி 48 பவுண்டு கிடைக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் விகிதப்படி விலைக்குறைப்பு. 46-க்கும் கீழே போனால் சரக்கை மறுக்கலாம். ஈரப்பதம் 10 விழுக்காட்டுக்கு மேற்படக்கூடாது. ஏற்றுமதித் துறைமுகத்தில் ஒப்பந்தத்தில் பெயர் குறிப்பிட்ட ஆய்வு நிறுவனம் சோதித்துச் சான்றளிக்க வேண்டும். எல்.சி.யிலோ, 47A என்ற கூடுதல் நிபந்தனைப் பகுதியில், 'அவுட்டர்ன் 48 பவுண்டு, ஈரப்பதம் 10 விழுக்காட்டுக்குள்' என்று ஒரு வரி மட்டும் இருந்தது. ஆவணப் பட்டியலான 46A பகுதியில் ஆய்வுச் சான்றிதழ் இல்லை.

நிபந்தனைதான் எழுதியிருக்கிறதே என்று தோன்றும். யு.சி.பி. 14-ஆவது பிரிவின் எச் உட்பிரிவு, எந்த ஆவணத்தால் நிறைவேற்றப்பட வேண்டும் என்று சொல்லாமல் விதிக்கப்படும் நிபந்தனையை வங்கிகள் சொல்லாததாகவே கருதிப் புறக்கணிக்கும் என்கிறது. அந்த வரி தாளில் இருந்தும் இல்லாததே. 45 பவுண்டு சரக்கை ஏற்றினாலும், பில் ஆஃப் லேடிங் முதலான பிற ஆவணங்கள் சரியாக இருந்தால், நாங்கள் முழுத் தொகையையும் கொடுத்தே ஆக வேண்டும். ஒரு பவுண்டு குறைவுக்கு டன்னுக்கு ஏறத்தாழ 24 டாலர் என்று கொண்டால், மூன்று பவுண்டுக்கு 100 டன்னில் 7,200 டாலர். அதை விற்பவரிடமிருந்து பிறகு வசூலிப்பது வாடிக்கையாளரின் பாடு.

பொதுவாக எல்.சி.யில் பிழை கண்டு திருத்தம் கேட்பவர் விற்பவர். அவருக்குப் பணம் தடைப்படும் என்பதால் கவனமாகப் படிப்பார். இங்கே வாங்குபவரே கேட்க வேண்டிய நிலை. "திறந்தது நான், திருத்துவதும் நானே; விற்பவரை ஏன் கேட்க வேண்டும்?" என்று வாடிக்கையாளர் வினவினார். எல்.சி.யை வழங்கிய வங்கி, அதற்கு உறுதி சேர்த்த வங்கி இருப்பின் அது, பயனாளியான விற்பவர் ஆகியோரின் இசைவின்றித் திருத்தவோ நீக்கவோ இயலாது என்பது 10-ஆவது பிரிவு. விற்பவர் ஏற்கும்வரை பழைய வாசகமே அவருக்குச் செல்லும். நாங்கள் திருத்தத்தை அனுப்பிவிட்டால், அனுப்பிய நொடி முதல் நாங்கள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். அவரோ கட்டுப்பட்டவர் அல்லர்.

அதனால் முதலில் விற்பவருக்குக் கடிதம், அவர் இசைந்த பிறகே வங்கிக்குத் திருத்த விண்ணப்பம் என்ற வரிசையில் செல்ல முடிவு செய்தோம்.

வாடிக்கையாளர் ஏற்கெனவே ஒரு வரைவு கொண்டுவந்திருந்தார். 'எல்.சி. வாசகம் ஒப்பந்தத்தோடு சில இடங்களில் பொருந்தவில்லை. ஒப்பந்தப்படி திருத்த இசைவு தரவும். ஏழு நாட்களுக்குள் பதில் வராவிட்டால் இசைந்ததாகக் கொள்ளப்படும்' என்பது அதன் சாரம். இரண்டு வாக்கியங்களையும் நாங்கள் அடித்தோம். 'சில இடங்களில்' என்பதற்கு விற்பவர் 'சரி' என்று பதில் எழுதினால், எதற்குச் சரி என்று பின்னர் யாரும் நிறுவ முடியாது. ஏழு நாள் கெடுவோ விதிப்படி செல்லாதது. குறித்த காலத்துக்குள் மறுக்காவிட்டால் திருத்தம் நடைமுறைக்கு வரும் என்ற வாசகத்தைப் பொருட்படுத்தக்கூடாது என்று 10-ஆவது பிரிவே கூறுகிறது.

புதிய கடிதத்தில் ஒவ்வொரு முரண்பாட்டுக்கும் மூன்று செய்திகள் இருக்குமாறு பார்த்துக்கொண்டோம். எல்.சி.யின் எந்தப் பகுதியில் இப்போது என்ன இருக்கிறது. ஒப்பந்தத்தின் எந்த விதியில் என்ன இருக்கிறது. அதன் இடத்தில் எந்த வாசகம் வர வேண்டும். ஆங்கிலத்தில் சென்ற அக்கடிதத்தின் நடுப்பகுதி தமிழில் ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

"மார்ச் 12 தேதியிட்ட எமது எல்.சி.யை நம் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டதில் கீழ்க்காணும் வேறுபாடுகளைக் கண்டோம். இவை எம் விண்ணப்பத்தில் நேர்ந்த பிழைகள், பொறுத்தருள வேண்டுகிறோம்.

1. பகுதி 45A: 'சி.ஐ.எஃப். மங்களூரு' என்றுள்ளது. ஒப்பந்தம், விதி 4: 'சி.எஃப்.ஆர். மங்களூரு'. அவ்வாறே மாற்ற வேண்டும். காப்பீட்டை நாங்களே எடுக்கிறோம்.

2. பகுதி 39A: ஏதும் இல்லை. ஒப்பந்தம், விதி 2: 100 டன், 5 விழுக்காடு கூடவோ குறையவோ. 39A-வில் '5/5' எனச் சேர்த்து, 45A-வில் அளவுக்கும் அதையே குறிக்க வேண்டும்.

3. பகுதி 44C: ஏப்ரல் 30. ஒப்பந்தம், விதி 6: மே 15. சரக்கேற்றக் கடைசி நாளை மே 15 எனவும், அதற்கேற்பப் பகுதி 31D-இல் எல்.சி. முடியும் நாளை மே 21-இலிருந்து ஜூன் 5 எனவும் மாற்ற வேண்டும்.

4. பகுதி 47A: தரம் பற்றிய வரி எந்த ஆவணத்தையும் குறிக்கவில்லை. ஒப்பந்தம், விதி 8: பெயர் குறிப்பிட்ட ஆய்வு நிறுவனத்தின் சான்றிதழ். 47A-இல் உள்ள வரியை நீக்கி, 46A-இல் அந்நிறுவனம் ஏற்றும் துறைமுகத்தில் அளித்த சான்றிதழைச் சேர்க்க வேண்டும். அவுட்டர்ன் 48 பவுண்டுக்குக் குறையாமலும் ஈரப்பதம் 10 விழுக்காட்டுக்கு மேற்படாமலும் அது காட்ட வேண்டும்.

இந்நான்கும் ஒரே திருத்தமாக வெளிவரும். நான்குக்கும் சேர்த்துத் தங்கள் எழுத்து மூலமான இசைவைக் கோருகிறோம்."

மூன்றாவதில் எல்.சி. முடியும் நாளையும் தள்ளியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பலர் சரக்கேற்ற நாளை மட்டும் நீட்டிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். சரக்கேறிய நாளிலிருந்து 21 நாட்களுக்குள் ஆவணங்களைச் சமர்ப்பிக்கலாம் என்றாலும், எல்.சி. காலம் முடிந்த பிறகு சமர்ப்பிக்க முடியாது. மே 15 அன்று கப்பலேற்றி மே 21-க்குள் ஆவணங்களை வங்கியில் சேர்ப்பதென்றால், மூலப் பில் ஆஃப் லேடிங் கைக்கு வருவதற்குள்ளேயே விற்பவர் திணறிப்போவார்.

மார்ச் 18 அன்று பதில் வந்தது. முதல் மூன்றுக்கும் மகிழ்வோடு இசைவு. நான்காவதில் இரண்டு மறுப்புகள். சான்றிதழைத் தம் நிறுவனத்தின் தரப் பிரிவே அளிக்கும் என்பது ஒன்று. 48 பவுண்டு என்ற கட்டாயம் ஏற்புடையதல்ல என்பது மற்றொன்று.

முதல் மறுப்புக்கு இணங்கிவிட வாடிக்கையாளர் தயாராக இருந்தார். சான்றிதழ் என்று ஒன்று வந்தால் போதுமே என்றார். சான்றிதழை யார் அளிக்க வேண்டும், அதில் என்ன இருக்க வேண்டும் என்று எல்.சி. சொல்லாவிட்டால், வருவதைப் பெரும்பாலும் வங்கி ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். சொல்லியும், அது விற்பவரின் சொந்தத் தாளாக இருந்தால், தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்துவதைப் போலாகும். ஒப்பந்தத்தின் 8-ஆவது விதியில் ஆய்வு நிறுவனத்தின் பெயர் தெளிவாக இருக்கிறது, விற்பவர் கையொப்பமிட்டிருக்கிறார். விட்டுக்கொடுக்க வேண்டாம் என்றோம்.

இரண்டாவது மறுப்பில் விற்பவர் சொன்னதே சரி. ஒப்பந்தம் 48-க்குக் குறைந்தால் விலையைக் குறைக்கச் சொல்கிறது; மறுக்கச் சொல்வது 46-க்குக் கீழேதான். எங்கள் கடிதப்படி, சான்றிதழ் 47.5 என்று காட்டினால்கூட ஆவணங்கள் முழுவதையும் நாங்கள் மறுக்க வேண்டியிருக்கும். அது முரண்பாட்டைத் திருத்துவதாகாது. ஒப்பந்தத்தில் இல்லாத புதிய சலுகையைத் திருத்தம் என்ற பெயரில் கேட்பதாகும். வரைவைப் பார்த்த நாங்களும் இதைக் கவனிக்கத் தவறியிருந்தோம். 'சோதனையில் கண்ட அவுட்டர்ன் அளவைக் குறிப்பிட வேண்டும். அது 46 பவுண்டுக்குக் குறையக்கூடாது' என்று மாற்றி மறுநாளே எழுதினோம். 46-க்கும் 48-க்கும் இடைப்பட்ட விலைக்குறைப்பு எல்.சி.க்கு வெளியே, ஒப்பந்தப்படி தீர்க்கப்படும் என்றும் அதில் குறிப்பிட்டோம். விற்பவர் நான்குக்கும் இசைந்தார்; கூடவே, சரக்கை இடையில் கப்பல் மாற்றுவதை எல்.சி. தடை செய்திருப்பதையும் நீக்கும்படி கேட்டுக்கொண்டார். கொள்கலனில் வரும் சரக்குக்குப் பில் ஆஃப் லேடிங் அதைக் காட்டினாலும் 20-ஆவது பிரிவின்படி வங்கி ஏற்கும் என்பதால், அதைத் தொடாமலே விட்டிருக்கலாம். எப்படியும் ஒரு திருத்தம் போகிறதே என்று சேர்த்துவிட்டோம்.

இங்கே ஒரு கேள்வி எழுந்தது. தேதி நீட்டிப்பை உடனே அனுப்பிவிட்டு, சான்றிதழை இரண்டாம் திருத்தமாக அனுப்பினால் என்ன? விற்பவர் அவசரப்படுகிறாரே என்று வாடிக்கையாளர் இரங்கினார். நாங்கள் இசையவில்லை. ஒரு திருத்தத்தின் ஒரு பகுதியை ஏற்று மறு பகுதியை விடுவது யு.சி.பி.யில் அனுமதிக்கப்படவில்லை, அது முழு மறுப்பாகவே கொள்ளப்படும். இரண்டு தனித் திருத்தங்களாக அனுப்பினால், விற்பவர் தேதியை ஏற்றுச் சான்றிதழை மறுக்கலாம். அது அவர் உரிமை. ஒன்றாக அனுப்பினால் அந்த வாய்ப்பில்லை. மே 9 அன்று சரக்கேற்றிச் சான்றிதழ் இல்லாமல் வந்தால், பழைய எல்.சி.ப்படி நாள் கடந்துவிட்டது, திருத்தப்பட்ட எல்.சி.ப்படி ஆவணம் குறைகிறது. இரண்டு வழியும் அடைபடும். விற்பவருக்கு வேண்டிய மூன்றும் வாங்குபவருக்கு வேண்டிய ஒன்றும் ஒரே திருத்தத்தில் இருப்பதன் பொருள் இதுவே.

ஆனாலும் ஒரு சந்து திறந்தே இருந்தது. விற்பவர் ஏப்ரல் 30-க்குள் சரக்கேற்றிப் பழைய வாசகப்படியே, சி.ஐ.எஃப். என்று பட்டியலிட்டு, சான்றிதழின்றி ஆவணம் தந்தால், நாங்கள் பணம் கொடுத்தாக வேண்டும். மின்னஞ்சலில் வந்த இசைவு வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையேயானது. வங்கியைப் பொறுத்தவரை அது பழைய எல்.சி.யை மூடாது. எனவே, மார்ச் 20 அன்று MT 707 செய்தியாகத் திருத்தத்தை அனுப்பியபோதே, பயனாளியின் ஏற்பைப் பெற்று எமக்குத் தெரிவிக்குமாறு அபிஜானில் உள்ள அறிவிக்கும் வங்கியைக் கேட்டுக்கொண்டோம். அந்த ஏற்பு மார்ச் 25 அன்று வந்த பிறகே வாடிக்கையாளரிடம் கவலையில்லை என்று சொன்னோம்.

அவரிடம் நாங்கள் கேட்டுப்பெற்ற ஒன்றும் உண்டு. தொகையில் 5 விழுக்காடு கூடுதலுக்கு இடம் கொடுத்ததால் எமது பொறுப்பு 1,20,750 டாலராக உயர்ந்தது. அதற்கு அவருடைய எல்.சி. வரம்பில் இடமிருக்க வேண்டும். விளிம்புத் தொகையும் அதற்கேற்பக் கூடும். திருத்தக் கட்டணத்தோடு அதையும் செலுத்தினார். பிழை தம் பக்கம் என்பதால் அபிஜான் வங்கியின் கட்டணத்தையும் அவரே ஏற்றுக்கொண்டார்; கடிதத்துக்கு இசைவான பதில் விரைந்து வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எம் எண்ணம்.

ஏற்றும் துறைமுகத்தில் பெறும் சான்றிதழுக்கும் எல்லை உண்டு. ஏற்றிய நாளின் தரத்தை அது சொல்லும். கடற்பயணத்தில் ஈரம் ஏறிக் கெட்டதை அது அறியாது. இறக்குமதித் துறைமுகத்தில் செய்யும் சோதனையை எல்.சி.யின் ஆவணமாக்க வழியில்லை. விற்பவர் ஆவணங்களைச் சமர்ப்பிக்கும்போது அது நடந்தே இராது. அந்தப் பகுதி ஒப்பந்தத்திலும் காப்பீட்டிலும்தான் நிற்கும்.

சரக்கு மே 9 அன்று ஏறியது. 103 டன், சான்றிதழில் அவுட்டர்ன் 47 பவுண்டு, ஈரப்பதம் 9 விழுக்காடு. ஆவணங்களைச் சோதித்து 1,18,450 டாலர் செலுத்தினோம். ஒரு பவுண்டு குறைவுக்கான ஏறத்தாழ 2,470 டாலரை விற்பவர் அடுத்த மாதம் தனியே திருப்பி அனுப்பினார். வாடிக்கையாளரின் கணக்கர் இப்போது எல்.சி. விண்ணப்பத்தோடு ஒப்பந்தத்தின் 2, 4, 6, 8 ஆகிய விதிகளை அடிக்கோடிட்ட நகலைச் சேர்த்துத் தருகிறார். பழைய விண்ணப்பத்தை அவர் கிழித்துப் போட்டுவிட்டதாகவும் கேள்வி.